சென்னையிலிருந்து அந்தமான் வரை ஒரு கோடு: கடலடிக் குறுக்குவெட்டைப் படிப்பது பற்றிய கேள்விகள்

பாடப்புத்தகப் படத்தில் கண்டச்சரிவு செங்குத்துச் சுவர் மாதிரி விழுகிறது. நிஜமாகவே கடலுக்குள் அவ்வளவு பெரிய செங்குத்து இறக்கம் இருக்கிறதா?

இல்லை. சராசரிக் கண்டச்சரிவின் சாய்வு 4 பாகைதான். நூறு மீட்டர் நடந்தால் ஏழு மீட்டர் இறங்குவீர்கள். நம்மூர் மலைப்பாதையில் பஸ் ஏறும் சாய்வு ஏறக்குறைய அவ்வளவுதான்.

அப்புறம் படம் ஏன் அப்படி இருக்கிறது? இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுகோலை யாரும் போடுவதில்லை என்பதுதான் காரணம். கணக்குப் போட்டே பார்க்கலாம். சென்னையிலிருந்து நேர் கிழக்கே 13 பாகை வட அட்சத்தில் அந்தமான் வரை ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர். அதை ஒரு ஏ4 தாளில் அகலவாக்கில் வரைய, ஒரு சென்டிமீட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தால் கோடு 27 சென்டிமீட்டருக்கு வரும். அதே அளவுகோலில் ஆழத்தையும் வரைந்தால் 4 கிலோமீட்டர் ஆழக் கடல் 0.8 மில்லிமீட்டர்தான். பென்சில் கோட்டின் தடிமனிலேயே கடல் மொத்தமும் அடங்கிவிடும், ஒன்றும் தெரியாது. அதனால் ஆழத்துக்கு மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு 500 மீட்டர் என்று வைக்கிறோம். 50 கிலோமீட்டரை 500 மீட்டரால் வகுத்தால் 100. செங்குத்து மிகைப்பு 100 மடங்கு என்பது இதைத்தான்.

இப்போது 20 கிலோமீட்டரில் 1,400 மீட்டர் இறங்கும் ஒரு சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அது 4 பாகை. தாளில் அது 0.4 சென்டிமீட்டர் நகர்ந்து 2.8 சென்டிமீட்டர் கீழே இறங்கும். கோணமானி வைத்தால் 82 பாகை காட்டும். படத்தில் தெரியும் சுவர் இதுதான்.

எந்தக் குறுக்குவெட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் இரண்டு அளவுகோலையும் பாருங்கள். படத்தில் கோணமானி வைக்காதீர்கள். இறக்கத்தை மீட்டரிலும் தூரத்தை மீட்டரிலும் படித்து வகுத்துக்கொள்ளுங்கள். அளவுகோலே போடாத படம் என்றால் அதில் பெயர்களைத் தெரிந்துகொள்ளலாம், சாய்வைத் தெரிந்துகொள்ள முடியாது. பல பாடப்புத்தகப் படங்கள் இந்த ரகம்தான்.

சென்னையிலிருந்து கிழக்கே கோடு போட்டால் கண்டத்திட்டு, சரிவு, உயர்ச்சி, சமவெளி, மலைத்தொடர், அகழி எல்லாம் வரிசையாக வருமா?

வராது. அதனால்தான் இந்தக் கோட்டை எடுத்துக்கொண்டேன். பாடப்புத்தகப் படம் பல கடல்களில் இருப்பதையெல்லாம் ஒரே கோட்டில் சேர்த்து வைத்த தொகுப்பு. உண்மையான கோடு ஒவ்வொன்றிலும் சில உறுப்புகள் இருக்காது, சில இருந்தும் தெரியாது.

நம் கோட்டில் முதல் 40, 50 கிலோமீட்டர் கண்டத்திட்டு. தாளில் ஒரு சென்டிமீட்டர் கூட வராது. பிறகு கோடு சட்டென்று மடங்கி, சில பத்து கிலோமீட்டர்களுக்குள் 2,500 மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. அடியில் போய் மெல்ல வளைந்து 3 கிலோமீட்டர் சொச்ச ஆழத்தில் படுத்துக்கொள்கிறது. அதன்பின் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றுமே நடப்பதில்லை. கடைசியில் அந்தமானை நெருங்கும்போது கோடு விறுவிறுவென்று ஏறி, தண்ணீருக்கு மேலே தீவாக எட்டிப்பார்க்கிறது.

மலைத்தொடர் எங்கே, அகழி எங்கே என்று கேட்பீர்கள். இரண்டு மலைத்தொடர்களும் ஓர் அகழியும் இந்தக் கோட்டில் இருக்கவே செய்கின்றன. மூன்றும் வண்டலுக்குள் புதைந்து கிடக்கின்றன. எப்படித் தெரியும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கண்டத்திட்டு 200 மீட்டர் ஆழத்தில் முடிகிறது என்று படித்தேன். இன்னோர் இடத்தில் 130 என்று இருக்கிறது. எது சரி?

திட்டு முடிந்து சரிவு தொடங்கும் மடிப்பு உலகச் சராசரியாக விழும் ஆழம் சுமார் 130 மீட்டர். 200 என்பது முழு எண் வசதிக்காக வந்தது. பழைய கடல் வரைபடங்களில் 100 பாகம் ஆழக்கோடு ஒன்று போட்டிருப்பார்கள், அது 183 மீட்டர். மீட்டருக்கு மாறியபோது 200 ஆழக்கோடு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மடிப்புக்குப் பிறகு அடி வேகமாக இறங்குவதால், படத்தில் 130-க்கும் 200-க்கும் பெரிய தூரம் இருக்காது. தேர்வில் 200 என்று எழுதினால் மதிப்பெண் போகாது.

ஆனால் 130-க்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. இன்றைய கண்டத்திட்டின் பெரும்பகுதி அப்போது தரை. ஆறுகள் அதன்மேல் ஓடி, விளிம்புக்கு அருகிலேயே மண்ணைக் கொட்டின. அலைகள் அந்த விளிம்பை அடித்தன. பாக் நீரிணைப் பகுதியில் ஆழம் பதினைந்து மீட்டர்கூடத் தாண்டாத இடங்கள் ஏராளம். அப்போது ராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம்.

ஆகவே குறுக்குவெட்டில் மடிப்பைத் தேடும்போது ஆழ எண்ணைத் தேடாதீர்கள், சாய்வு மாறும் இடத்தைத் தேடுங்கள். திட்டின்மேல் சாய்வு 500-க்கு 1 என்ற அளவில் இருக்கும். மடிப்புக்கு அப்பால் 15-க்கு 1. முப்பது மடங்கு மாற்றம், தவறவே விடமாட்டீர்கள். அண்டார்க்டிகாவைச் சுற்றி இந்த மடிப்பு பல இடங்களில் 400, 500 மீட்டர் ஆழத்தில் விழுகிறது. பனிப்பாளத்தின் எடை தாங்காமல் நிலமே அமிழ்ந்திருக்கிறது, பனி ஆழமாகச் செதுக்கியும் இருக்கிறது. அங்கே 200 என்று கோடு போட்டால் திட்டின் நடுவில் எங்காவது போய் நிற்பீர்கள்.

மேல் மடிப்பு சரி. சரிவு முடிந்து கண்ட உயர்ச்சி தொடங்குகிற இடம் எனக்குப் பிடிபடவே இல்லை. எல்லாம் ஒரே வளைவாக இருக்கிறதே?

பிடிபடாமல் இருப்பது உங்கள் குறையில்லை. மேல் மடிப்பு கூர்மையானது, கீழ் மடிப்பு மழுங்கியது. சரிவில் இருந்து உருண்டும் சரிந்தும் வந்த மண் அடிவாரத்தில் குவிந்து மூலையை நிரப்பிவிடுகிறது. அந்தக் குவியலைத்தான் உயர்ச்சி என்கிறோம். அதன் சாய்வு 100-க்கு 1 என்ற அளவில் தொடங்கி, சமவெளியை நெருங்க நெருங்கக் குறையும்.

கண்ணால் தேடாமல் எண்ணால் தேடுவதுதான் வழி. கோட்டில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆழத்தைப் படித்து, அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையிலான சாய்வை எழுதுங்கள். சரிவில் 0.07, 0.06, 0.065 என்று வந்துகொண்டிருந்தது ஓர் இடத்தில் 0.02, 0.012 என்று விழும். சாய்வு மிக அதிகமாக மாறுகிற அந்த இடம்தான் சரிவின் அடி.

இதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. கோடு ஏதாவது கடலடிப் பள்ளத்தாக்கைச் சாய்வாக வெட்டிப் போனால், சரிவின் நடுவிலேயே ஒரு பள்ளமும் எதிர் ஏற்றமும் தெரியும். பள்ளத்தாக்கின் அடியைச் சரிவின் அடி என்று நினைத்துவிடலாம். புதுச்சேரி, பாலாறு முகத்துவாரங்களுக்கு எதிரே சரிவில் இப்படிப் பள்ளத்தாக்குகள் உண்டு. சந்தேகம் வந்தால் பத்து கிலோமீட்டர் வடக்கேயும் தெற்கேயும் இரண்டு இணைக்கோடுகள் போடுங்கள். சரிவின் அடி மூன்றிலும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் வரும். பள்ளத்தாக்கு இடம் மாறும், அல்லது காணாமல் போகும்.

இந்த அடியைக் கண்டுபிடிப்பது வெறும் பாட வேலை இல்லை. ஐ.நா. கடல்சட்டத்தின் 76-ஆம் பிரிவு, கரையிலிருந்து 200 கடல்மைலுக்கு அப்பால் ஒரு நாடு கடலடி உரிமை கோரும்போது அளவைத் தொடங்கும் இடமாக இதைத்தான் வைக்கிறது, அதுவும் "அடிவாரத்தில் சாய்வு மிக அதிகமாக மாறும் புள்ளி" என்ற பொருளில். சட்டம் சொல்லும் கண்டத்திட்டு வேறு, நாம் படத்தில் குறிக்கும் திட்டு வேறு. சட்டத்தில் அது சரிவையும் உயர்ச்சியையும் சேர்த்துக்கொள்கிறது. வங்கக் கடலின் தெற்குப் பகுதிக்கு என்று தனியாக ஓர் ஏற்பாடும் அந்த ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்டது. இங்கே திட்டு குறுகல், வண்டலோ ஏராளமாக உயர்ச்சியின் அடியில் கிடக்கிறது. வழக்கமான கணக்கைப் போட்டால் இலங்கை போன்ற நாட்டுக்கு நஷ்டம். அதனால் வண்டல் 1 கிலோமீட்டர் தடிமனாக இருக்கும் தூரம் வரை கோர வழி செய்தார்கள். 2009 மே மாதத்தில் இலங்கையும் இந்தியாவும் தங்கள் கோரிக்கைகளைத் தாக்கல் செய்தன.

ஆழ்கடல் சமவெளி ஏன் இவ்வளவு தட்டை? எரிமலைப் பாறைதானே அடியில் இருக்கிறது?

பாறை கரடுமுரடுதான். அதன் மேல் வண்டல் வந்து மூடியதால் தட்டையாகத் தெரிகிறது. மேலிருந்து பனித்தூள் மாதிரி விழும் நுண்ணுயிர் ஓடுகள் மட்டும் என்றால் மேடு மேல் மேடாகவும் பள்ளத்தின் மேல் பள்ளமாகவும் ஒரே தடிமனில் போர்த்தியிருக்கும், தட்டையாகியிருக்காது. பள்ளத்தைத் தேடிப்போய் நிரப்பும் ஒன்று தேவை. அது கலங்கல் நீரோட்டம்: மண்ணும் நீரும் கலந்து, சுற்றியுள்ள நீரைவிடக் கனமாகி, அடியை ஒட்டியே சரிவில் பாய்வது.

ஆழ்கடலில் இதை நேரில் பார்ப்பது அரிது, ஆனால் ஒருமுறை அது தன் நேரத்தைத் தானே பதிவு செய்துவிட்டுப் போனது. 1929 நவம்பர் 18 அன்று, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியின் கண்டச்சரிவில் 7.2 அளவு நிலநடுக்கம். அந்தப் பக்கம் அட்லாண்டிக்கைக் கடக்கும் தந்திக் கம்பிகள் ஏராளம். அவற்றில் 12 அறுந்தன. நடுக்கம் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவை உடனே அறுந்தன, அதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், தெற்கே ஆழத்தில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, தூர வரிசையிலேயே அறுந்துகொண்டு போனது. கடைசிக் கம்பி அறுந்தது 13 மணி 17 நிமிடம் கழித்து. ஒவ்வொரு கம்பியிலும் செய்தி நின்ற நிமிடம் தந்தி நிறுவனங்களின் குறிப்பேட்டில் இருந்தது.

கடலடி ஆய்வாளர்கள் ப்ரூஸ் ஹீசனும் மாரிஸ் யூயிங்கும் 1952-இல் அந்த நேரங்களை எடுத்து, கம்பிகளின் இடைத்தூரத்தால் கணக்குப் போட்டார்கள். சரிவில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகம், சாய்வு குறையக் குறைய வேகமும் குறைகிறது. நில அதிர்வு அலை இதைவிடப் பல நூறு மடங்கு வேகமாகப் போகும், சாதாரணக் கடல் நீரோட்டம் இவ்வளவு வேகமாகப் போகாது. கீழே சோம் சமவெளியில் எடுத்த மண் மாதிரிகளில் அடியில் பருமணல், மேலே போகப்போக மென்சேறு என்று அடுக்கு இருந்தது. பாய்ந்து வந்து நின்ற நீரில் கனமானது முதலில் படியும், லேசானது கடைசியில் படியும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஆயிரக்கணக்கான அடுக்குகள் சேர்ந்து பாறையின் மேடுபள்ளத்தை மறைத்துவிடுகின்றன.

குறுக்குவெட்டில் இதை எப்படி அடையாளம் காண்பது? சாய்வு 1,000-க்கு 1-ஐவிடக் குறைவாக இருந்தால் சமவெளி. 100 மடங்கு மிகைத்த நம் தாளில்கூட அது 6 பாகைக்குள்தான் தெரியும். சமவெளியின் ஓரத்தில் சின்னச்சின்னக் குன்றுகள் தலைநீட்டத் தொடங்கினால், வண்டல் அதற்கு அப்பால் போதுமான அளவு எட்டவில்லை என்று பொருள். கண்டத்திலிருந்து வரும் மண்ணை ஓர் அகழி இடையில் வாங்கிக்கொண்டால் அகழிக்கு அப்பால் சமவெளியே உருவாகாது. பசிபிக்கில் சமவெளிகள் குறைவாக இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

நம் கோட்டின் நடுப்பகுதி 3 கிலோமீட்டர் ஆழம்தான் என்கிறீர்கள். சமவெளி 4 முதல் 6 கிலோமீட்டர் என்றல்லவா படித்தோம்?

நல்ல கேள்வி. என்னைக் கேட்டால் மொத்தக் கோட்டிலும் படிக்கவேண்டிய இடமே இதுதான்.

கடலடிப் பாறை மலைத்தொடரில் சூடாகப் பிறக்கிறது. வயதாக ஆக ஆறி, அடர்ந்து, அமிழ்கிறது. ஏழெட்டுக் கோடி ஆண்டு வயது வரை ஆழத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு:

```
d = 2500 + 350 × √t
```

d மீட்டரில் ஆழம், t பத்து லட்சம் ஆண்டுகளில் வயது. இரண்டரைக் கோடி வயதுப் பாறைக்கு t = 25, ஆழம் 4,250 மீட்டர். அதற்கு மேல் வயதானால் ஆழம் அவ்வளவு வேகமாகக் கூடாது, 5.5 முதல் 6 கிலோமீட்டரில் நின்றுவிடும்.

வங்கக் கடலின் நடுவில் அடிப்பாறைக்கு வயது 10 கோடி ஆண்டுக்கும் மேல். இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்து வந்தபோது உருவானது. ஆக ஆழம் குறைந்தது 5.5 கிலோமீட்டர் இருக்க வேண்டும். கோடு காட்டுவதோ 3. இரண்டரைக் கிலோமீட்டர் மேலே நிற்கிறது.

அப்படியானால் வண்டல் இரண்டரைக் கிலோமீட்டர் தடிமன் என்று முடித்துவிடக் கூடாது. வண்டல் சேரச்சேர அதன் எடையில் பாறை மேலும் அமிழும். வழக்கமான அடர்த்திகளை வைத்துப் போட்டால், ஒரு கிலோமீட்டர் வண்டல் சேர்ந்தால் கடலடி 400 மீட்டர்தான் உயரும், மீதி 600 மீட்டரைப் பாறை அமிழ்ந்து விழுங்கிவிடும். 2.5-ஐ 0.4-ஆல் வகுத்தால் 6 கிலோமீட்டர் சொச்சம். தாளும் பென்சிலும் வைத்துப் போட்ட தோராயம்தான். ஆனால் அதிர்வலை ஆய்வுகளும் இங்கே பல கிலோமீட்டர் வண்டல் என்றுதான் காட்டுகின்றன. வடக்கே வங்கதேசத்தை நெருங்கினால் அது 16 கிலோமீட்டரையும் தாண்டுகிறது.

இதில் பெரும்பகுதி கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து கொண்டுவந்தது. வங்க விசிறி என்று பெயர். நீளம் 3,000 கிலோமீட்டர், நிலநடுக்கோட்டையும் தாண்டித் தெற்கே போகிறது. ஆகவே நம் கோட்டின் தட்டையான பகுதியைக் கறாராகச் சொன்னால் சமவெளி என்பதைவிட விசிறி என்பதே பொருத்தம். மேற்கு கிழக்காக வெட்டும்போது தட்டையாகத் தெரியும் இந்த இடம், வடக்கு தெற்காக வெட்டினால் தெற்கு நோக்கிச் சீராக இறங்குவதைப் பார்க்கலாம். ஒரே கோட்டை வைத்து ஓர் இடத்துக்குப் பெயர் சூட்டக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தட்டைப் பகுதியை உற்றுப் பார்த்தால் ஆங்காங்கே ஒரு சிறு மேடு, அதன் உச்சியில் ஒரு சிறு பள்ளம் என்று தெரியும். விசிறியின்மேல் ஓடும் வண்டல் கால்வாய்கள் அவை. கலங்கல் நீர் கரை புரளும்போது இருபக்கமும் மண்ணைப் போட்டுத் தானே கரை கட்டிக்கொள்கிறது. ஐம்பது மீட்டர் உயரக் கரை நம் தாளில் ஒரு மில்லிமீட்டர். வேகமாகப் பார்க்கிறவர்கள் கருவியின் இரைச்சல் என்று விட்டுவிடுவார்கள்.

தொண்ணூறு கிழக்கு மலைத்தொடர் நம் கோட்டை வெட்டுகிறதே, அதுதான் மத்திய கடல் மலைத்தொடரா?

இல்லை. அது வெப்பப்புள்ளி ஒன்றின் மேல் தட்டு நகர்ந்தபோது விட்டுச் சென்ற எரிமலைத் தடம். இன்று தெற்கே கெர்குலென் தீவுகள் இருக்கும் பகுதியின் வெப்பப்புள்ளி அது. தடத்தின் நீளம் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். 10 பாகை வடக்குக்கு மேலே அது வங்க விசிறிக்குள் புதைந்துவிடுவதால் நம் 13 பாகைக் கோட்டில் தெரியாது. 85 பாகை கிழக்கில் இன்னொரு புதைந்த மலைத்தொடரும் உண்டு. இரண்டையும் அதிர்வலையாலும் ஈர்ப்பு அளவீட்டாலும்தான் பார்க்க முடியும்.

உண்மையான மத்திய கடல் மலைத்தொடரைப் பார்க்கவேண்டுமானால் கோட்டை மேற்குப் பக்கம் போடுங்கள். கொச்சியிலிருந்து தென்மேற்கே போனால் அரபிக் கடலைத் தாண்டி கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடர் வரும். அடையாளம் மூன்று. உச்சி ஏறக்குறைய 2,500 மீட்டர் ஆழத்தில் இருக்கும், மேலே சொன்ன கணக்கில் t = 0 போட்டால் வருவது அதுதான். உச்சியிலிருந்து இருபக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்கும், முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, வர்க்கமூல வளைவில். உச்சியின் நடுவில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருக்கும்.

மூன்றாவது அடையாளம் எப்போதும் இருக்காது. தட்டுகள் மெதுவாகப் பிரியும் அட்லாண்டிக்கிலும் கார்ல்ஸ்பெர்க்கிலும் பள்ளத்தாக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழம். வேகமாகப் பிரியும் கிழக்குப் பசிபிக்கில் பள்ளத்தாக்கே இல்லை, மழுங்கிய மேடு மட்டும்தான்.

அட்லாண்டிக்கின் பள்ளத்தாக்கைக் குறுக்குவெட்டில் முதலில் படித்தவர் மேரி தார்ப். 1952 வாக்கில் கப்பல்கள் கொண்டுவந்த எதிரொலி அளவீடுகளை ஒரு மேசையில் உட்கார்ந்து ஆறு குறுக்குவெட்டுகளாக வரைந்தார். அந்தக் காலத்தில் பெண்களை அந்த ஆய்வுக் கப்பல்களில் ஏற்றவில்லை. ஆறிலும் மலைகளின் உருவம் வேறுவேறாக இருந்தது, ஆனால் உச்சியில் ஆங்கில எழுத்து V போன்ற வெட்டு மட்டும் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தது. கூட வேலை செய்த ஹீசன் அதைப் பெண்பேச்சு என்று ஒதுக்கினார். பிறகு அதே அளவுகோலில் இன்னொருவர் வரைந்த நிலநடுக்க வரைபடத்தை மேலே வைத்துப் பார்த்தபோது நடுக்கப்புள்ளிகள் அந்த வெட்டின் வழியாகவே போயின. அதன் பிறகு மறுக்க முடியவில்லை. ஒரு கோட்டில் தெரிவதை நம்பாதே, இணைக்கோடுகளில் திரும்ப வருவதை நம்பு என்ற விதி இங்கேயும் வேலை செய்கிறது.

அந்தமானுக்கு மேற்கே அகழி என்று தட்டு வரைபடத்தில் பல் போட்ட கோடு வரைந்திருக்கிறார்கள். குறுக்குவெட்டில் பள்ளமே இல்லையே?

பள்ளம் நிரம்பிவிட்டது. ஜாவாவுக்குத் தெற்கே இதே தட்டு எல்லையில் இதே அகழி 7,200 மீட்டர் ஆழம். அங்கே அமிழும் கடலடித் தட்டின் மேல் வண்டல் குறைவு. வடமேற்கே சுமத்ராவைச் சுற்றி அந்தமான் நோக்கி வரவர, தட்டு தன் முதுகில் வங்க விசிறியைச் சுமந்துகொண்டு வருகிறது. அமிழ்வதால் உண்டாகும் பள்ளத்தை அந்த மண்ணே நிரப்பிவிடுகிறது. நம் கோட்டில் அகழி இருக்கவேண்டிய இடத்தில் ஆழம் பக்கத்து விசிறியைவிட அதிகம் வித்தியாசப்படாது.

ஆனால் தடயம் இருக்கிறது, பள்ளத்தில் தேடாமல் அதற்குக் கிழக்கே உள்ள ஏற்றத்தில் தேட வேண்டும். தட்டையாக வந்த கோடு எந்த உயர்ச்சியும் இல்லாமல் சட்டென்று ஏறுகிறது, படிப்படியாக, முகடும் பள்ளமுமாக. கீழே அமிழும் தட்டின் மேலிருந்து சுரண்டப்பட்ட வண்டல் அங்கே மடிந்து குவிந்திருக்கிறது. அந்தக் குவியல் தண்ணீருக்கு மேல் வந்த பகுதிதான் அந்தமான் தீவுகள். ஆழ்கடலில் படிந்த மண்ணையும், கடலடி எரிமலைப் பாறையையும் அங்கே தரையிலேயே பார்க்கலாம். கோட்டை இன்னும் கிழக்கே நீட்டி, சற்றுத் தெற்கே திருப்பினால் பாரன் தீவு எரிமலை வரும். அகழி, குவியல், எரிமலை என்ற வரிசை முழுமையாகிறது.

சென்னைப் பக்கச் சரிவையும் அந்தமான் பக்கச் சரிவையும் ஒரே தாளில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் செங்குத்தாகத்தான் தெரியும். சென்னைப் பக்கம் மேலிருந்து கீழே வழவழப்பாக இறங்கி, அடியில் வளைந்து முடிகிறது. அந்தமான் பக்கம் படிக்கட்டு, அடியில் கூர்மையான மூலை. முதலாவது அமைதியான விளிம்பு, இரண்டாவது தட்டு எல்லை. 2004 டிசம்பர் 26 அன்று வட சுமத்ராவில் தொடங்கிய 9.1 அளவு நடுக்கத்தின் பிளவு ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் வடக்கே ஓடி, அந்தமான் வரை வந்தது. பள்ளம் தெரியவில்லை என்பதால் அங்கே அகழி இல்லை என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இந்தக் கோட்டை நானே வரைய முடியுமா?

முடியும். கட்டளை எழுதப் பழக்கம் இல்லாதவர்களுக்கு GeoMapApp என்ற இலவச மென்பொருள் போதும். வரைபடத்தில் மவுஸால் கோடு இழுத்தால் குறுக்குவெட்டும், செங்குத்து மிகைப்பின் அளவும் சேர்ந்தே வரும். ஜிஎம்டி என்ற கட்டளைவழி மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டே வரி:

```
gmt project -C80.3/13 -E92.8/13 -G2 -Q > line.txt
gmt grdtrack line.txt -G@earth_gebco_15s > profile.txt
```

இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி வரும். நான்காவது நெடுவரிசை ஆழம், கடலுக்குக் கழித்தல் குறி. இது பூமியின் பெருவட்டக் கோடு என்பதால் நடுவில் 13 பாகையை விட்டு எட்டு கிலோமீட்டர் போல வடக்கே வளையும். இந்த வேலைக்கு அது பொருட்டில்லை.

அதில் வரும் எண்களை அப்படியே நம்பலாமா?

இடத்தைப் பொறுத்தது. உலகக் கடலடியில் நவீனக் கருவியால் அளந்த பகுதி 2025 நிலவரப்படி நூற்றுக்கு 27-ஐத் தாண்டியதும் தாண்டாததுமாக இருக்கிறது. மீதி இடங்களில் பெரும்பாலும் செயற்கைக்கோள் உதவியால் ஊகித்த ஆழம். கடலடி மலை தன் ஈர்ப்பால் மேலே நீரை லேசாகக் குவிக்கும், அந்தக் குவியலை அளந்து கீழே மலை இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். சுமார் பத்து கிலோமீட்டருக்குக் குறைவான அகலம் உள்ளவை இதில் சரியாகத் தெரியாது. வங்கக் கடலில் இன்னொரு சிக்கலும் சேரும்: ஈர்ப்புக்குப் புதைந்த மலை, புதையாத மலை என்ற வித்தியாசம் தெரியாது. கோட்டில் தட்டையான விசிறியின் நடுவே மிருதுவான ஓர் அலை தெரிந்தால், அது அடியின் உருவமா, கீழே புதைந்ததன் நிழலா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்க வழியும் இருக்கிறது. மேலே கட்டளையில் பயன்படுத்திய ஜெப்கோ என்ற உலகக் கடலடி ஆழத் தரவோடு TID என்ற இன்னொரு கட்டமும் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியின் ஆழமும் எங்கிருந்து வந்தது என்பதை அது எண்ணாகச் சொல்லும். 11 என்றால் ஒரே நேரத்தில் பல ஒலிக்கற்றைகளால் அளக்கும் மல்டிபீம் கருவி, 10 என்றால் பழைய ஒற்றைக் கற்றை, 40 என்றால் ஈர்ப்பிலிருந்து ஊகித்தது. ஒற்றைக் கற்றையிலும் எச்சரிக்கை வேண்டும். 30 பாகை அகலமுள்ள ஒலிக்கற்றை 4,000 மீட்டர் ஆழத்தைத் தொடும்போது இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் விரிந்துவிடும். அந்த வட்டத்துக்குள் எது முதலில் எதிரொலிக்கிறதோ அதைத்தான் கருவி ஆழம் என்று குறிக்கும். அதனால் குறுகிய பள்ளத்தாக்கின் அடிக்குப் பதிலாக அதன் தோளின் ஆழம் பதிவாகும், பள்ளம் உண்மையைவிட மேலோட்டமாகத் தெரியும். ஒரு பாகைக் கற்றை உள்ள மல்டிபீமில் அதே ஆழத்தில் விரிவு 70 மீட்டர்தான்.

குறுக்குவெட்டின் அடியிலேயே TID எண்ணையும் ஒரு வரியாக வரைந்துவிடுங்கள். 11-க்கும் 40-க்கும் இடையில் மாறும் இடத்தில் கோட்டில் திடீரென ஒரு படி தெரிந்தால், அது பூமியின் படியாக இருக்க வாய்ப்பு குறைவு, இரண்டு தரவுகளை ஒட்டிய தையலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.